தட்டுகிற கையும் தேய்க்கிற கையும்: ஒரு கைகழுவல் கும்மியை முன்வைத்து

1

பிரச்சாரப் பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சலிப்பு வருகிறது. செய்தி முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மிச்ச வரிகள் அதையே சுமந்துகொண்டு நடக்கும். மெட்டு ஒரு மாட்டுவண்டி, செய்தி ஒரு மூட்டை. எந்த மூட்டையை ஏற்றினாலும் வண்டி அதே வண்டிதான். குடும்பக் கட்டுப்பாடு, எழுத்தறிவு, எய்ட்ஸ், கழிப்பறை, வாக்களிப்பு என்று முப்பது நாற்பது வருஷமாக இதே மெட்டுகளில் மூட்டைகள் ஏறி இறங்கியிருக்கின்றன.

கைகழுவல் பாட்டு இந்த வண்டி–மூட்டை உருவகத்துக்குள் அடங்க மறுக்கிறது என்பதுதான் என் வாதம். கும்மியில் தாளம் போடுவது கை. செய்தி கேட்பதும் அதே கையைத்தான். எழுத்தறிவுப் பாட்டைக் கைதட்டிப் பாடும்போது கைக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கே வடிவமும் பொருளும் ஒரே உறுப்பின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இது ஒரு வாய்ப்பு. கூடவே ஒரு முரண். தட்டுகிற கை தேய்க்க முடியாது. தேய்க்கிற கை தட்ட முடியாது. தெருவில் பாட்டுக்கு உயிர் கொடுக்கிற அந்தத் தட்டு, வீட்டில் குடத்தடிக்குப் போனதும் காணாமல் போய்விடுகிறது.

வாலிநோக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் பாடுவதற்காகக் கொரோனா காலத்துக்குப் பிறகு ஒரு சிறு குழுவுக்கு நான் கட்டிக்கொடுத்த கும்மி ஒன்றை வைத்து இந்த முரணைப் பேச விரும்புகிறேன். பாட்டு பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. அதன் எலும்புக்கூடு எப்படி அமைந்தது, எங்கே அது நிற்கிறது, எங்கே அதனால் நிற்க முடியவில்லை என்பதே விஷயம்.

2

முதலில் கொஞ்சம் வரலாறு. தமிழில் நவீன வீதி நாடகம் எழுபதுகளின் கடைசியில் வேர்விட்டது. மு.ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் மதுரையில் 1978இல் தொடங்கியது. பிரளயனின் சென்னைக் கலைக் குழு 1984இல் வந்தது. 1989 ஜனவரியில் சப்தர் ஹஷ்மி வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு இறந்தபோது, இந்த வடிவம் அதிகாரத்துக்கு எதிரான வடிவம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1990இல் பாரத் ஞான் விஞ்ஞான் ஜாதா. அதைத் தொடர்ந்து அறிவொளி. அப்போதுதான் அந்த வடிவம் முதன்முறையாக அரசின் திட்டத்தோடு தோளில் கைபோட்டு ஊர் ஊராகப் போனது. அதன் பிறகு வந்த ‘விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சி’ இந்தத் தோழமையின் மெலிந்த வாரிசு. கேள்வி கேட்ட வடிவம் அறிவுரை சொல்லும் வடிவமாகிவிட்டது.

இந்த மாற்றத்தைப் பாட்டின் இலக்கணத்திலேயே பார்க்கலாம். கைகழுவல் பாட்டுகளை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் முன்னிலை ஏவல்தான்: ‘கழுவு’, ‘கழுவம்மா’, ‘கழுவிடுங்க’. சொல்பவன் சுத்தமானவன், கேட்பவள் அழுக்கானவள். மீனோடும் உப்போடும் பிழைக்கிற ஊரில், ‘இவுங்க மேல நாத்தம்’ என்று பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தவர்களின் வாரிசுகள் வந்து ‘சுத்தமா இருங்க’ என்று பாடினால், அங்கே கேட்பது கிருமியைப் பற்றிய செய்தியாக இருக்காது. பழைய தீட்டின் குரலாகத்தான் இருக்கும். ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு நம் சமூகத்தில் இருக்கிற சாதி வரலாற்றை ஒரு சோப்புக்கட்டியால் கழுவிவிட முடியாது.

அதனால் பாட்டில் ‘சுத்தம்’ என்ற சொல்லே வரக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். வினைமுற்று தன்மைப் பன்மையில் இருக்க வேண்டும். தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. ‘நாங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும். ‘நாம்’ உள்ளே சேர்க்கும். ‘செய்வோம்’ என்ற முற்று இரண்டுக்கும் பொது. வட்டத்தில் நின்று கைதட்டுகிறவர்களும் சேர்ந்து வாயைத் திறந்தால்தான் அது ‘நாம்’ ஆகிறது. இந்த வேலையைக் கும்மி வட்டம் தானாகவே செய்துவிடுகிறது. அதில் பார்வையாளருக்கென்று தனி இடம் கிடையாது.

3

இனிப் பாட்டின் கட்டுமானம். கும்மி பொதுவாக மூன்று எண்ணிக்கை நடையில் புரளும். முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். அந்த நாலாவது சீரின் இடம் காலி. சொல் இல்லை, தட்டு மட்டும் விழும். ஒரு சீருக்கு ஒரு தட்டு என்று வைத்தால் இரண்டு அடிக் கண்ணி ஒன்றுக்கு எட்டுத் தட்டு. அந்த எட்டாவது தட்டை வெறுந்தட்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

கையில் சோப்புப் போட்ட பிறகு குறைந்தது இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் சொல்லும் கணக்கு. நிதானமான கும்மியில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் முக்கால் விநாடிக்குச் சற்று மேல், அதாவது 0.8 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணிக்கு 6.4 விநாடி. மூன்று கண்ணிக்கு 19.2. ஆக மூன்று கண்ணி பாடி முடித்து ஒரு மூச்சு விட்டால் இருபது விநாடி. கடிகாரம் தேவையில்லை. பாட்டுத்தான் கடிகாரம்.

அந்த மூன்று கண்ணிக்குள் என்ன சொல்வது? நோய் பற்றிச் சொல்லலாம், வயிற்றுப்போக்கு பற்றிச் சொல்லலாம், ‘எப்போதெல்லாம் கழுவ வேண்டும்’ என்ற ஐந்து வேளைப் பட்டியலையும் திணிக்கலாம். எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கை எங்கே போக வேண்டுமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது. செவிலியர்கள் கைகழுவுவதையே ஆராய்ந்து எழுபதுகளில் வந்த ஆய்வு, கட்டைவிரலும் விரல்நுனிகளும்தான் அதிகம் விட்டுப்போகின்றன என்று காட்டியது. மருத்துவப் பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி. ஆனால் கும்மித் தட்டு எதைப் பழக்குகிறது? உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வதை. அதாவது எந்த இடத்தை நாம் யாரும் சொல்லாமலே தேய்த்துவிடுவோமோ அந்த இடத்தைத்தான் தட்டு திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. விட்டுப்போகிற இடத்தைச் சொல் நிரப்ப வேண்டும். தட்டு அளவை வைத்துக்கொள்ளட்டும். சொல் வழியைக் காட்டட்டும்.

இப்படி வந்தது:

உள்ளங்கை ரெண்டையும் ஒண்ணாகத் தேய்ச்சிடுவோம்
ஊரறி யாப்புறங் கையையுந்தான்

விரலுக்கு நடுவுல விரல்விட்டுத் தேய்ச்சிடுவோம்
வேலிக்குள் ஒளிஞ்சதும் வெளிவரவே

பெருவிரல் தனிப்பிள்ளை பிடிச்சுத்தான் தேய்ச்சிடுவோம்
பிறகந்த நகக்கண்ணைத் தேய்ச்சிடுவோம்

‘ஊரறியாப் புறங்கை’ என்றால் வட்டத்தில் யாரும் பார்க்காத கை. விரல்கள் வேலி, வேலிக்குள் ஒளிந்தது என்ன என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டைவிரல் மற்ற நாலோடும் சேராமல் தனியே நிற்பதால் தனிப்பிள்ளை. அதை அடுத்த கை இழுத்துப் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும்.

4

இப்போது முரணுக்கு வருவோம். தெருவில் எல்லோரும் தட்டுகிறார்கள், சந்தோஷமாகப் பாடுகிறார்கள். வீட்டில் கை நிறைய நுரையோடு நிற்கும் ஒருத்தியால் தட்ட முடியாது. தட்டுப் போனால் தாளம் போகும். தாளம் போனால் மூன்று கண்ணி ஏழு விநாடியில் முடிந்துவிடும். சொல்லை மட்டும் முணுமுணுத்தால் அது ஓடத்தான் செய்யும். தாளம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிற கடிவாளம்.

இதற்கு விடை, ஒருவர் கழுவ, இன்னொருவர் தட்டுவது. அக்கா கழுவும்போது தம்பி தட்டுகிறான், அப்புறம் மாற்றிக்கொள்கிறார்கள். நாடகத்திலும் இப்படியே அமைத்தோம். வட்டத்தின் நடுவில் ஒரு குடம், ஒரு செம்பு, ஒரு சோப்புத் துண்டு. உள்ளே வருகிறவர் கழுவுவார், வட்டம் தட்டும். அப்போது கும்மி வட்டம் செய்தியைக் கேட்கிற கூட்டமாக இருப்பதில்லை. நடுவில் நிற்கும் ஒருவரின் கைக்கு நேரம் அளந்துகொடுக்கிற கூட்டமாகிறது. கை தனியாள் சங்கதி என்ற எண்ணத்தையே இது கொஞ்சம் அசைக்கிறது. குழந்தையின் கையை அம்மா மட்டும் கவனிக்க வேண்டும் என்பதும் அசைகிறது. தட்டுகிறவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாமே.

தாளம் கெடுகிற இன்னொரு வழியும் உண்டு. தெருவில் உற்சாகம் ஏற ஏறக் கும்மி வேகமெடுக்கும். பறையோ தவிலோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அரை விநாடிக்கு ஒரு தட்டு என்று போனால் இருபத்துநாலு தட்டும் பன்னிரண்டு விநாடியில் தீர்ந்துவிடும். ஆட்டக்காரருக்கு அது வெற்றி. கைக்கு அது தோல்வி. வேகத்தை அடக்க நமக்கு இருக்கிற ஒரே கருவி அந்த வெறுந்தட்டுத்தான். சொல் இல்லாத அந்த இடத்தில் எல்லோரும் மூச்சு விட்டுத்தான் அடுத்த அடிக்குப் போக வேண்டும். கூட்டம் வெறுந்தட்டை விழுங்கிவிட்டு அடுத்த கண்ணிக்குத் தாவுகிறது என்றால், பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான் கேட்பதெல்லாம் அந்த ஒரு தட்டு காதில் விழுகிறதா என்பதைத்தான்.

தாளமும் எண்ணிக்கையும் வரிசையும் கைகழுவலுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையின் முஸ்லிம் குடும்பங்களில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்வது அன்றாட நடப்பு. மணிக்கட்டு வரை மும்முறை, விரலிடுக்கில் விரல் கோதி, இந்த வரிசையில், அதுவும் தண்ணீரை விரயம் செய்யாமல். அதில் சோப்பு இல்லை, அதன் நோக்கமும் வேறு. ஆனால் ‘இவர்களுக்குக் கைகழுவத் தெரியாது’ என்று தொடங்குகிற எந்தப் பாட்டும் இந்த உடல் அறிவைப் பார்க்காமல் பேசுகிறது.

5

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் வீட்டம்மா கேட்டார்: “என்ன தம்பி, கை கழுவணும்னு ஆடுறீங்க பாடுறீங்க. நல்லாத்தான் இருக்கு. தண்ணிய யாரு கொண்டாந்து ஊத்துவா?”

இது எதிர்க்கேள்வி அல்ல, இதுதான் கேள்வி. ராமநாதபுரம் கடற்கரையில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மணலில் ஊத்துத் தோண்டிச் சிரட்டையால் கோரி எடுத்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. குழாய் வந்த பிறகும் தண்ணீர் வருகிற நாள், வராத நாள் என்ற கணக்கு போகவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் கொட்டுகிற குழாயைத் திறந்துவைத்து இருபது விநாடி கை தேய்த்தால் இரண்டு லிட்டர் போகும். ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு ஐந்து தடவை என்றால் இருபத்தைந்து தடவை, ஐம்பது லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் மூன்றே கால் குடத்துக்கும் மேல். இதைச் சுமக்கப்போவது பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவே செம்பில் மொண்டு, நனைக்க ஒரு கை, அலச மூன்று நாலு கை என்று ஊற்றினால் ஒரு தடவைக்கு அரை லிட்டர் போதும். நாள் முழுக்கப் பன்னிரண்டரை லிட்டர். ஒரு குடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வித்தியாசத்தின் ரகசியம், தேய்க்கும்போது தண்ணீர் ஓடவேண்டியதில்லை என்பதுதான். அதனால் நாடகத்தில் ஒரு விதி வைத்தோம்: பாட்டு ஓடும்போது தண்ணி ஓடக் கூடாது. முதல் தட்டு விழுந்ததும் செம்பு கீழே வைக்கப்படும். கடைசி வெறுந்தட்டுக்குப் பிறகுதான் மறுபடி எடுக்கப்படும். பாட்டு தேய்க்கும் நேரத்தை அளப்பதோடு தண்ணீருக்கும் அணை போடுகிறது. தாளத்துக்கு இப்படி ஒரு பொருளாதாரம் உண்டு என்பது அந்தம்மா கேட்ட பிறகே துலங்கியது.

ஆனால் பாட்டால் அந்த ஒரு குடத்தைக் கொண்டுவர முடியாது. அந்தக் குடத்தைக் கேட்கிற பாட்டு வேறு. அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னால் பாட வேண்டும். கைகழுவல் பாட்டைப் பாடுகிற குழுவுக்கு இதையும் பாட அனுமதி உண்டா என்பதில்தான், அது வீதி நாடகமா, விழிப்புணர்வு நிகழ்ச்சியா என்பது தெரியும்.

6

அடுத்தது சோப்பு. வெறும் தண்ணீரில் கழுவினால் என்ன என்று கேட்பார்கள். 2011இல் லண்டனிலிருந்து வெளியான ஒரு சிறு ஆய்வில், பொது இடங்களைத் தொட்டுவந்த தன்னார்வலர்களின் கைகளைச் சோதித்தார்கள். கழுவாத கைகளில் 44 சதவீதத்தில் மலத்தொடர்புடைய பாக்டீரியா இருந்தது. தண்ணீரில் மட்டும் கழுவியபோது 23. சோப்புப் போட்டபோது 8. தண்ணீர் பாதியைக் குறைக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சோப்பு எடுக்கிறது.

ஆனால் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கால்சியமும் மெக்னீசியமும் கலந்த தண்ணீரில் சாதாரணச் சோப்பு திரிதிரியாகத் திரண்டு கையில் பிசுபிசுக்கும். அதை அலச இன்னும் தண்ணீர் வேண்டும். நுரை வராத கையைப் பார்த்து ‘சோப்புப் போட்டும் போகல’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். கப்பல்காரர்கள் அறிந்த சங்கதி இது. துணிக்குப் போடும் பவுடரும் உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. வங்கதேசத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முப்பது கிராம் சலவைப் பவுடரைக் கரைத்து, ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியில் துளை போட்டுக் கைகழுவும் இடத்தில் தொங்கவிடுவது பரவியது. சோப்புக்கட்டி போல அது தொலைவதில்லை, காக்கை தூக்குவதில்லை, ஒரு தடவைக்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. ஆனால் உப்பளத்தில் வேலை பார்த்து வெடித்துப்போன கைக்கு அது எரியும். இதைச் சொல்லாமல் பாட்டில்மட்டும் கொடுத்தால் இரண்டாம் நாளே அது மூலைக்குப் போகும்.

சோப்பு வந்ததும் கம்பெனியும் வந்துவிடும் என்பதையும் நாம் அறிவோம். 2002இல் உலக வங்கியும் சோப்பு நிறுவனமும் அரசும் கைகோத்துக் கேரளத்தில் கைகழுவல் இயக்கம் நடத்த முயன்றபோது, சந்தை பிடிக்கிற வேலை என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. வந்தனா சிவா போன்றவர்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். திட்டம் அங்கே நின்றுபோனது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் கைகழுவலே கம்பெனி சதி என்று முடிவுகட்டினால் நாம் ஒரு பெரிய விஷயத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஸ்டீபன் லூபியும் மற்றவர்களும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கைகழுவலை ஊக்குவித்துச் சோப்பும் இலவசமாகக் கொடுத்த வீடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 53 சதவீதமும், ஐந்து வயதுக்குக் கீழானவர்களின் நிமோனியா 50 சதவீதமும் குறைந்திருந்தன. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ‘கிருமிநாசினி’ சோப்பும் சாதாரணச் சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. பாட்டில் எந்தச் சோப்பின் பெயரும் வராமலிருக்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

7

கடைசியாக, ஒரு பாட்டு வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைதட்டலை வைத்து அல்ல. ‘கழுவுறீங்களா’ என்று கேட்டும் அல்ல. ஆமாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த ஒரு முயற்சி நமக்குப் பக்கத்திலேயே, சித்தூர் மாவட்டத்தில் நடந்தது. 2014இல் முடிவுகள் வெளியான ‘சூப்பர் அம்மா’ இயக்கம் பதினான்கு கிராமங்களில் செய்யப்பட்டது. அதில் நோயைப் பற்றிய பேச்சு கிட்டத்தட்ட இல்லை. பிள்ளையைப் பொறுப்பாக வளர்க்கிற ஒரு தாயும், அருவருப்பான கையால் லட்டுப் பிடிக்கிற லட்டு லிங்கம் என்ற கோமாளியும் வந்தார்கள். ஊர் முன்னால் உறுதிமொழி எடுத்தார்கள். தொடக்கத்தில், கழுவ வேண்டிய தருணங்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் சோப்பால் கை கழுவப்பட்டது. ஆறு வாரத்தில் அது 19 ஆனது. ஆறு மாதத்தில் 37. இயக்கம் போகாத ஊர்களில் 6. பிறகு அந்த ஊர்களுக்கும் அது சுருக்கமான வடிவில் போனது. பன்னிரண்டாவது மாதத்தில் இரண்டு பக்கமும் 29.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். அருவருப்பும் சிரிப்பும் ஊர்ப் பார்வையும் சேர்ந்தால், நோய்ப் பயத்தைக் காட்டாமலே பழக்கத்தை நகர்த்த முடியும் என்பது ஒன்று. அவ்வளவு திட்டமிட்டுச் செய்ததும் பத்துத் தடவைக்கு மூன்று தடவையில்தான் போய் நிற்கிறது என்பது இன்னொன்று. எனக்கு லட்டு லிங்கத்தின் மேல் ஒரு சந்தேகமும் உண்டு. அருவருப்பு வேலை செய்கிறது. ஆனால் நம் ஊரில் அருவருப்பு யார் மேல் போய் விழும் என்பதற்குச் சாதியின் தடம் ஏற்கனவே போடப்பட்டிருக்கிறது. சித்தூரில் அது ஒரு கோமாளியோடு நின்றிருக்கலாம். மீன்கூடை சுமப்பவள் நிற்கிற வட்டத்தில் அதை அவிழ்த்துவிட எனக்குத் துணிவில்லை. அதனால்தான் வேலிக்குள் ஒளிந்தது எது என்று பாட்டு சொல்லாமல் விடுகிறது.

கும்மிக்கும் இதே சோதனைதான். நாடகம் போன ஆறாவது வாரம், ஒரு வீட்டுத் திண்ணையில் காலையில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று. சமையல் இடத்துக்கும் கழிப்பறைக்கும் எட்டுகிற தூரத்தில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து இருக்கின்றனவா? தேய்க்கும்போது கட்டைவிரல் தனியே பிடிக்கப்படுகிறதா? கழுவிய கை முந்தானையிலோ கைலியிலோ துடைக்கப்படுகிறதா, காற்றில் காய்கிறதா? முதலாவது இல்லையென்றால் பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது இல்லையென்றால் மூன்றாம் கண்ணியைத் திருத்த வேண்டும். மூன்றாவதற்கு என் பாட்டில் இடமே இல்லை. அதற்கு நாலாவது கண்ணி ஒன்று வேண்டும். அதைக் கட்டும்போது அது இருபது விநாடிக்கு வெளியே, செம்பை மறுபடி கையில் எடுத்த பிறகு பாடப்பட வேண்டும். அங்கே தட்டு வேண்டியதில்லை. ஈரக் கையை உதறுகிற சத்தமே தாளத்துக்குப் போதும்.